வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவி: வருமானத்தைப் பொறுத்துப் பலன் எப்படி மாறுகிறது? ஓர் ஆய்வுத் தொகுப்பு

நடுநிலை வகுப்புகளுக்கான வீட்டுப்பாட விதிமுறையைத் திருத்த முனைந்துள்ள ஆசிரியர் குழுவுக்காக இந்தத் தொகுப்பு எழுதப்பட்டது. ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் தேவையான இடத்தில் வருகின்றன. குழுவின் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் பெற்றோர் உதவினால் மதிப்பெண் உயருமா, அந்த உயர்வு ஏழை வீட்டிலும் வசதியான வீட்டிலும் ஒரே அளவாக இருக்குமா?

சராசரி சொல்வது

முதலில் பார்க்க வேண்டியது எரிக்கா பட்டால், ஹாரிஸ் கூப்பர், ஜோர்ஜியன் ராபின்சன் மூவரும் 2008இல் வெளியிட்ட மீபகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு. இருவகைச் சான்றுகளை அவர்கள் தனித்தனியே கையாண்டார்கள். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த சோதனை ஆய்வுகளில், தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடிக்கும் அளவு கூடியது, வீட்டுப்பாடத்தையொட்டிய சிக்கல்கள் குறைந்தன. மதிப்பெண் உயர்வுக்கான சான்று அந்த அளவுக்கு உறுதியாக இல்லை. உதவியும் மதிப்பெண்ணும் சேர்ந்து மாறுகின்றனவா என்று மட்டும் பார்த்த ஒட்டுறவு ஆய்வுகளிலோ படம் மாறியது. தொடக்க வகுப்பிலும் மேல்நிலை வகுப்பிலும் உறவு நேர்மறை, நடுநிலை வகுப்பில் எதிர்மறை. மொழிப்பாடத்தில் நேர்மறை, கணிதத்தில் எதிர்மறை. உதவியின் வகைகளை ஒப்பிட்டபோது, எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விதி வகுத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் உறவு வலுவாக இருந்தது.

அடுத்த ஆண்டு நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலைப் பள்ளி பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். படிப்பின் மதிப்பைப் பேசுவது, எதிர்காலத் திட்டத்தோடு பாடத்தை இணைத்துக் காட்டுவது போன்றவற்றுக்கும் சாதனைக்கும் இடையே, -1 முதல் 1 வரை போகும் ஒட்டுறவுக் கெழு 0.39. பள்ளிக்கு வந்து பங்கெடுப்பதற்கு 0.19. வீட்டுப்பாடத்தில் நேரடியாக உதவுவதற்கு -0.11. கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "பெற்றோர் உதவி கெடுதல்" என்று எழுதியவர்கள் பலர். அந்த முடிவு தவறானது, அதனால் அதிகம் பாதிக்கப்படுவது ஏழைக் குடும்பங்கள் என்பதே இந்தத் தொகுப்பின் வாதம்.

எதிர்மறை எண் எங்கிருந்து வருகிறது

காய்ச்சல் வந்த பிள்ளைக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு, மருந்தால்தான் காய்ச்சல் வருகிறது என்று சொன்னால் எவ்வளவு தவறோ, அதே தவறு இங்கேயும் நடக்கிறது. பிள்ளை கணிதத்தில் தடுமாறும்போதுதான் தாயோ தந்தையோ நோட்டை வாங்கிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நன்றாகப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

அங்ரான் லி, டேனியல் ஹாம்லின் இருவரும் 2019இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 1998–99இல் மழலையர் வகுப்பில் இருந்த அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த தேசியத் தரவை எடுத்துக்கொண்டார்கள். தினமும் உதவிய குடும்பங்களில் வருமானம் குறைந்தவர்களும், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்த பிள்ளைகளும் அதிகம் இருந்தார்கள். முந்தைய மதிப்பெண்ணும் குடும்பப் பின்னணியும் ஒத்த பிள்ளைகளை இணைத்து ஒப்பிட்டபோது, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினசரி உதவி பலன் தரக்கூடியது என்று தெரிந்தது. முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காத எந்த ஒட்டுறவு ஆய்வையும் இந்தக் கேள்விக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. ஏழைக் குடும்பங்களில் உதவுவோரும் பின்தங்கிய பிள்ளைகளும் ஒரே இடத்தில் குவிவதால், கட்டுப்படுத்தாத எண் அவர்களைப் பற்றித்தான் மிக அதிகமாகப் பொய் சொல்கிறது.

வருமானப் பிரிவுகளுக்கு இடையே

இந்த இடத்தில் சான்றுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தர்ஸ்டன் டோமினா 2005இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கிட்ட பிறகு பெற்றோர் பங்கெடுப்பு தனியாகக் கற்றலை உயர்த்தியதாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பது போன்ற சில செயல்கள் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களைத் தடுத்தன. வசதி குறைந்த பெற்றோரின் பங்கெடுப்பு வசதியானவர்களுடையதைவிட அதிகப் பலன் தரக்கூடும் என்பதும் அதில் வெளிப்பட்டது.

எதிர்த்திசையில் நிற்கிறது மார்ட்டே ரோனிங் 2011இல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வு. தொடக்கப் பள்ளிகளில் எல்லாருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்த வகுப்புகளில், வசதியான பிள்ளைக்கும் வசதி குறைந்த பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி அகலமாக இருந்தது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தால் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. டோமினா அளந்தது பெற்றோர் செய்யும் செயலின் விளைவை. ரோனிங் அளந்தது வீட்டுப்பாடம் என்ற வேலையின் விளைவை. வீட்டுச் சூழலை நம்பித்தான் அந்த வேலை முடியும் என்ற நிலையில், சூழல் சரியில்லாத பிள்ளை பின்தங்குகிறது. அதே பிள்ளையின் வீட்டில் யாராவது நேரத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொண்டால், சேரும் பலன் பெரிதாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே அது முன்பு இருந்ததில்லை. வசதியான வீட்டில் தனிப் பயிற்சியும் அமைதியான அறையும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே அப்பா ஒருநாள் நோட்டைப் புரட்டினால் பெரிதாக எதுவும் மாறாது. இந்த விளக்கம் இரு ஆய்வுகளோடும் பொருந்துகிறது. ஆனால் இரண்டையும் ஒரே ஆய்வில் சோதித்து நிறுவப்பட்டதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேரத்தின் அளவிலும் இடைவெளி உண்டு. பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வின் 2012ஆம் ஆண்டுத் தரவுப்படி, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியைச் சேர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 5 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். வசதியான மாணவர்கள் வசதி குறைந்தவர்களைவிட 1.6 மணி நேரம் அதிகம் செய்தார்கள்.

உதவியின் தரம்

கூப்பர், லிண்ட்சே, நை மூவரும் 2000இல் செய்த ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குத் தன்னிச்சையாக வேலை செய்ய இடம் கொடுப்பது குறைவாகவும், குறுக்கீடு அதிகமாகவும் இருந்தது. ஆனால் ஹன்னா டூமோன்ட்டும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் செய்த ஆய்வுகளில், குடும்பப் பின்னணிக்கும் உதவியின் தரத்துக்கும் வலுவான தொடர்பு தென்படவில்லை. 2014ஆம் ஆண்டு ஆய்வில் அவர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களையே ஏழாம் வகுப்பிலும் அளந்து, உதவியைக் கட்டுப்பாடு, பரிவோடு செவிமடுப்பது, ஒழுங்கமைப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கட்டுப்பாடு குறைந்த சாதனையோடு சேர்ந்து வந்தது, மற்ற இரண்டும் நல்ல விளைவுகளோடு வந்தன. பிள்ளை பின்தங்கினால் பெற்றோர் கட்டுப்பாட்டைக் கூட்டுகிறார்கள் என்பதும் தெரிந்தது. ஆகவே காரணம் இருபக்கமும் ஓடுகிறது.

கணிதத்தில் தரம் எப்படிக் கெடுகிறது என்பதை எரின் மலோனி குழு 2015இல் காட்டியது. முதல், இரண்டாம் வகுப்பில் 438 பிள்ளைகள். கணிதத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி உதவிய வீடுகளில் மட்டும், ஆண்டு முடிவில் பிள்ளைகள் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே அளவு அஞ்சியும் அடிக்கடி உதவாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அப்பா அம்மா படித்த காலத்துக் கழித்தல் முறையும் இன்றைய வகுப்பறை முறையும் வேறாக இருந்தால் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், குரல்கள் உயரும், நோட்டு மூடப்படும். பள்ளிப்படிப்பு பாதியில் நின்ற பெற்றோருக்கு இந்த இக்கட்டு வகுப்பு ஏற ஏறக் கூடுகிறது. எனவே பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளி வீட்டின் தலையில் கட்டக் கூடாது.

ஏழைக் குடும்பங்களில் சோதித்துப் பார்த்தவை

இத்தொகுப்பில் அதிக எடை கொடுக்க வேண்டியது இந்தப் பகுதிக்கே. இவை சமவாய்ப்பு முறையில் குழு பிரித்துச் செய்த சோதனைகள், அதனால் எந்தப் பெற்றோர் உதவ முன்வருகிறார்கள் என்ற வேறுபாடு முடிவைக் குலைப்பதில்லை.

பீட்டர் பெர்க்மன் லாஸ் ஏஞ்சல்ஸில் வருமானம் குறைந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு பள்ளியில் 6 முதல் 11ஆம் வகுப்பு வரையிலான 462 மாணவர்களை எடுத்துக்கொண்டார். பாதிப் பெற்றோருக்கு, பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த வேலையை ஒப்படைக்கவில்லை என்று பக்க எண், கணக்கு எண்ணோடு செய்தி போனது. மேல்நிலை வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் சராசரியும் கணிதத் தேர்வு மதிப்பெண்ணும், மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தின் அளவில் சுமார் 0.2 உயர்ந்தன. பெற்றோரைக் கணக்குச் சொல்லித்தரும்படி யாரும் கேட்கவில்லை. பிள்ளை எவ்வளவு உழைக்கிறது என்பதைத் தாங்கள் மிகையாக நினைத்திருந்தது அவர்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதையே பெர்க்மனும் எரிக் சானும் மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் தானியங்கிச் செய்தியாக விரித்தபோது, பாடத்தில் தோல்வி 28 சதவீதம் குறைந்தது, வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது, மாநிலத் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. பள்ளி தரும் மதிப்பெண்ணில் ஒப்படைப்பும் வருகையும் கலந்திருக்கின்றன, மாநிலத் தேர்வில் அவை இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

பாரிஸை ஒட்டிய கிரெத்தேய் கல்வி மாவட்டத்தில், நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு மாணவர்களின் பெற்றோரைத் தலைமையாசிரியர் தொடர் கூட்டங்களுக்கு அழைத்தார். பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்தது, நடத்தை மேம்பட்டது. கூட்டத்துக்கு அழைக்கப்படாத வகுப்புத் தோழர்களிடமும் அது பரவியது. தேர்வு மதிப்பெண்ணில் அந்த அளவு மாற்றம் இல்லை.

இந்தியச் சான்றும் ஒன்று உண்டு. பீகார், ராஜஸ்தான் கிராமங்கள் 480இல் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பும், வீட்டிலேயே பிள்ளையோடு செய்யும் பயிற்சித்தாள்களும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுக்கப்பட்டன. பிள்ளைகளின் கணித மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் உயர்வு 0.1 திட்டவிலக்கத்துக்கும் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் படிப்பைத் தாங்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. பெரிய எண்ணை எதிர்பார்த்தால் மட்டும் ஏமாற்றம்.

குழுவுக்கான நடைமுறை

வீட்டுக்கு அனுப்பும் வேலை வகுப்பில் ஏற்கெனவே செய்து பார்த்த வகையாக இருக்கட்டும். புதிய முறையை வீட்டில் அறிமுகம் செய்தால் படித்த பெற்றோரின் பிள்ளை மட்டும் முன்னேறும். ஒப்படைக்காத வேலை பற்றிய செய்தி அதே வாரத்தில், வீட்டில் பேசும் மொழியில், பக்க எண்ணோடு போக வேண்டும். "உங்கள் மகன் கவனம் செலுத்தவில்லை" என்ற செய்தியை வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் எதுவும் செய்ய முடியாது. "கணிதம், பக்கம் 43, கணக்கு 5 முதல் 9 வரை முடிக்கவில்லை" என்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பிள்ளையிடம் காட்டிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விகளையும் சொல்லிக் கொடுங்கள்: எதை முடித்தாய், எங்கே நின்றாய், நாளைக்கு ஆசிரியரிடம் எதைக் கேட்பாய்?

திருத்தத்தின் பலனை அளக்கத் திட்டமிட்டால், "வாரத்தில் எத்தனை நாள் உதவுகிறீர்கள்" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. சரிபார்த்தல், கற்பித்தல், நேரம் குறித்தல், விடையைச் சொல்லிவிடுதல் நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். அதே கேள்விகளைப் பிள்ளையிடமும் கேளுங்கள், இருவர் சொல்வதும் ஒத்துப்போவது அரிது. சென்ற ஆண்டு மதிப்பெண் கட்டாயம் வேண்டும். வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும் ஒரே எண்ணாகக் கலக்காமல் இரண்டு மாறிகளாக வையுங்கள்: கணக்கில் உதவ முடியாததற்குப் படிப்பு காரணமாக இருக்கலாம், மாலையில் வீட்டில் இருக்க முடியாததற்கு இரவுப் பணி காரணமாக இருக்கலாம், இரண்டுக்கும் தீர்வு வேறு. பலன் வருமானத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று அறிய, உதவியையும் வருமானத்தையும் பெருக்கிய மாறியைப் புள்ளியியல் கணக்கீட்டில் சேர்க்க வேண்டும். ஏழைகளை ஒரு அட்டவணையிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் போட்டு, ஒன்றில் முடிவு புள்ளியியல்படி பொருள்பொதிந்தது, மற்றதில் இல்லை என்று எழுதினால் அந்த வேறுபாடு நிறுவப்பட்டதாகாது.