பொருள்: ஆய்வகத்தில் திங்கட்கிழமை சேர்ந்த ஷீபா, என்னைப் பற்றி

வணக்கம் சார்,

திங்கட்கிழமை காலை நான் வந்து நின்றபோது வாசலில் இரண்டு டேங்கர் காத்திருந்தது. "பேர் தெரியும், ஆளைத் தெரியாது. வாரக் கடைசிக்குள்ள உங்களைப் பத்தி ஒரு மெயில் எழுதி அனுப்புங்க. பயோடேட்டா வேண்டாம், அது என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் கேட்டுக்குப் போய்விட்டீர்கள். அதனால் பயோடேட்டாவில் இல்லாததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

சொந்த ஊர் திருவட்டாறு. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூட நாட்களில் விடுமுறை என்றால் விடிவதற்கு முன்பே அவரோடு தோட்டத்துக்குப் போவேன். அவர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப்போவார், நான் பின்னால் போய் சிரட்டையைத் துடைத்து வைப்பேன். ஒன்பது, பத்து மணிக்குப் பால் எடுத்து வாளியில் ஊற்றி, ரோட்டோரம் வாங்குகிற இடத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே ஒருவர் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்தான் எங்கள் வீட்டின் அன்றைய வருமானம். நுரை அடங்காத பாலில் மிதக்கவிட்டால் எண் மாறும் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா தலையாட்டிவிட்டு வருவார்.

பிறகு வேதியியல் படித்தபோது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 40 கிலோ பாலில் ரப்பரின் அளவான டிஆர்சி 33 சதவீதத்துக்குப் பதில் 32 என்று போட்டால் 400 கிராம் ரப்பர் குறைகிறது. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 72 ரூபாய். அப்பா சார்பில் கோபப்பட்டுக்கொண்டிருந்த நான், வேலைக்கு வந்த பிறகு மறுபக்கத்தையும் பார்த்தேன். ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டால் கம்பெனி இல்லாத ரப்பருக்குப் பணம் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் நம்புகிற மாதிரி ஒரு எண்ணைச் சொல்வதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்ததற்கு அதுதான் காரணம். சம்பளமும் கொஞ்சம் கூடுதல், அதையும் மறைக்கவில்லை.

நாகர்கோவில் ஸ்காட் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். மூன்றாம் ஆண்டில் இருந்தபோதுதான் ஒக்கி வந்தது, 2017 நவம்பர் கடைசியில். அப்பா வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதிக்கு மேல் மரம் சாய்ந்துவிட்டது. ரப்பர் மரம் நட்டால் பால் தர ஏழு வருடமாவது ஆகும், உங்களுக்குத் தெரியாததில்லை. எம்.எஸ்சி. எண்ணத்தை அதோடு விட்டுவிட்டு டியூஷன் எடுத்தேன். அப்புறம் கோட்டயத்தில் ரப்பர் போர்டு நடத்திய ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போய்வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு லேடெக்ஸ் கம்பெனியில் நாலரை வருடம் வேலை பார்த்தேன்.

எனக்கு நன்றாக வருகிற வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். டிஆர்சியும் மொத்தத் திடப்பொருளும் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். அமோனியா டைட்ரேஷன், விஎஃப்ஏ இரண்டும் தனியாகச் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எம்எஸ்டி மெஷினில் பால் திரிய ஆரம்பிக்கிற நொடியைப் பிடிப்பதில் முதல் ஆறு மாதம் தடுமாறினேன். நிமிடத்துக்கு 14,000 சுற்று சுற்றுகிற பாலில் முதல் துணுக்கு எப்போது வருகிறது என்று கண்ணும் கையும் பழக வேண்டும். இப்போது பழகிவிட்டது. இரட்டைச் சோதனையில் டிஆர்சி 0.2-க்கு மேல் விலகினால் சராசரி போட்டுச் சமாளிக்க மாட்டேன், திரும்பச் செய்வேன். இதனால் சில நாள் ரிப்போர்ட் தாமதமாகும். தாமதம் என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன்.

செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேறு யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்வது மேல். பழைய கம்பெனியில் இரண்டாவது வருடம், ஜூன் மாத மழை. ராத்திரி முழுக்க கரண்ட் வந்து வந்து போனது, ஓவனில் அளவுக்கு மேல் சாம்பிள். காலையில் பால் கொடுத்தவர்கள் கணக்குக்காக வெளியே நிற்கிறார்கள். படலத்தின் நடுவில் மங்கலாக வெள்ளை இருந்தது. ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் "இவ்வளவுதானே" என்று எடை போட்டுவிட்டேன். பதினோரு சாம்பிள். எல்லாமே ஒன்று, ஒன்றரைப் புள்ளி கூடுதலாக வந்துவிட்டது. மறுநாள் உள்ளே போன ரப்பரும் வெளியே வந்த ரப்பரும் கணக்கில் ஒட்டவில்லை என்று பிளான்ட்டில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வெள்ளைப் புள்ளி ஞாபகம் வந்தது. மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். திட்டு விழுந்தது, விழ வேண்டியதுதான். தவறு நம்முடையது என்பதால் கொடுத்த பணத்தை யாரிடமும் திரும்பக் கேட்க வேண்டாம் என்று அவர் முடிவெடுத்ததை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படலத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் தராசில் வைப்பதில்லை. புதன்கிழமை நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கடந்து போனீர்கள். ஏதோ எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி இருந்திருக்கும்.

இந்த ஒரு வாரத்தில் பார்த்ததில் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணம் தெரியாமல்தான் கேட்கிறேன். முதலாவது, காலையில் பேரல் வரிசையாக இறங்கும்போது சில பேரலில் கலக்காமலே மேல்பாலில் சாம்பிள் எடுக்கிறார்கள். பேரல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்காது. அந்த நேரத்துக் கூட்டமும் எனக்குத் தெரிகிறது, ஆள் இரண்டு பேர்தான். நீங்கள் அனுமதித்தால் ஒரு வாரம் பத்துப் பேரலில் மட்டும், கலக்குவதற்கு முன் ஒன்று, கலக்கிய பின் ஒன்று எடுத்துப் பார்க்கிறேன். வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன். இரண்டாவது சின்ன விஷயம். தராசு ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிறது. கடைசி இலக்கம் நிற்காமல் ஆடுகிறது. மேசையை இரண்டடி நகர்த்தினால் போதும், செலவில்லை.

ஆய்வகத்தில் இருக்கும் அண்ணன் பத்தொன்பது வருடம் இங்கே இருக்கிறார். வியாழக்கிழமை ஒரு டேங்கர் மூடியைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கி "இது புளிச்சிட்டு வருது, தனியா வை" என்றார். நான் டைட்ரேஷன் முடித்துப் பார்த்தால் விஎஃப்ஏ உண்மையிலேயே மற்ற டேங்கர்களைவிட அதிகம். எனக்கு அதைக் கண்டுபிடிக்க அத்தனை கண்ணாடிச் சாமான் தேவைப்பட்டது, அவருக்கு ஒரு மூச்சு. வயதிலும் அனுபவத்திலும் அவர் பெரியவர். பதவியின் பெயரை வைத்து நான் அவருக்கு மேலே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று கவலை இருக்கிறது. ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்தும் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தோஷம்.

தெரியாதவை. ஸ்கிம் பகுதியிலும் கழிவுநீர் சுத்திகரிப்பிலும் நான் நேரடியாக வேலை செய்ததில்லை, புத்தக அறிவுதான். அங்கே இரண்டு நாள் நிற்க அனுமதி கிடைத்தால் நல்லது. மலையாளம் நன்றாகப் பேசுவேன், வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வாங்குகிற கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவேன், ஆனால் மெதுவாக. முதல் சில மாதம் அனுப்பும் முன் யாராவது ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். இலை உதிர்ந்து தளிர்க்கிற மாதங்களில் இந்தப் பக்கத்துப் பால் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் எனக்குப் புதிது. இதுவரை பார்த்ததெல்லாம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பால். பழைய ரெஜிஸ்டர்கள் இரண்டு வருடத்துக்கு உள்ளதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மதியம் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன்.

வந்துபோவதில் சிரமமில்லை. ஸ்கூட்டரில்தான் வருகிறேன், மழையானால் பஸ். நைட் ஷிப்ட் பார்ப்பேன், முந்தைய நாள் சொன்னால் வீட்டில் ஏற்பாடு செய்ய வசதி. ஞாயிறு காலை மட்டும் கோவிலுக்குப் போய்விட்டு பத்து மணிக்கு மேல் வர முடியும். அவசரம் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் தவறு தெரிந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள் சார். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்குச் சில நேரம் புரியாது, வீட்டுக்குப் போய் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் "ஓ, அதைச் சொன்னாரா" என்று தோன்றும்.

வரும் வாரம் உங்களுக்கு வசதியான ஒரு நாள் பதினைந்து நிமிடம் கொடுத்தால், முதல் மூன்று மாதத்தில் என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். பால் இறங்கி முடிந்து, ஓவனில் சாம்பிள் வைத்த பிறகு என்றால், மதியம் இரண்டரைக்கு மேல் நான் ஃப்ரீ. பேரல் சோதனைக்குச் சரி என்றால் ஒரு வரி போதும், செவ்வாய் காலையிலேயே ஆரம்பித்துவிடுவேன். அதற்கான பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துவிட்டேன்.

நன்றி சார்.

இப்படிக்கு,
ஜெ. ஷீபா
தரக்கட்டுப்பாடு, ஆய்வகம்