கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கச் சம்மதம் கேட்டு

ஐயா, வணக்கம்.

மேலமாசி வீதியில் உங்கள் தரைத்தளக் கடையில் தையல் கடை நடத்தும் நான், பெயர்ப்பலகை வைக்க உங்கள் சம்மதம் கேட்கிறேன்.

பலகை 8 அடி நீளம், 2 அடி உயரம். இரும்புச் சட்டம், உள்ளே எல்இடி. ஷட்டர் பெட்டிக்கு மேலே, சன்ஷேடுக்குக் கீழே உள்ள சுவரில் பொருத்துவேன். மாடி ஜன்னலை மறைக்காது. 6 போல்ட் போதும். சன்ஷேடில் துளை போடமாட்டேன், அங்கே ஏற்கெனவே மழைக்கு ஒழுகுகிறது. கரண்ட் என் மீட்டரிலிருந்து.

மாநகராட்சி அனுமதியும் கட்டணமும் என் பொறுப்பு. கடையைக் காலி செய்யும்போது, சாவி தருவதற்கு முன்பே, என் செலவில் கழற்றி, துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, அதே நிறத்தில் பெயின்ட் அடித்துத் தருவேன். தவறினால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்மதமென்றால் இதன் நகலில் கையெழுத்திட்டுத் தாருங்கள். வெல்டர் வெள்ளிக்கிழமை அளவெடுக்க வருகிறார்.

இப்படிக்கு,
தையல் கடை வாடகைதாரர்