முன்பதிவு எண் 40718: விமானம் தாமதம், தரையிறங்கும் நேரம் மாற்றம்

வரவேற்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட எண்ணில், மார்ச் 12 வியாழக்கிழமை இரவு முதல் மூன்று இரவுகளுக்குத் தங்கள் விடுதியில் இருவர் தங்கும் அறை ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன். வியாழன் மாலை 6.20 மணிக்கு நானும் என் தாயாரும் வந்திறங்குவதாகவும், எங்களை அழைத்துச் செல்லத் தங்கள் கார் விமான நிலையத்துக்கு வரும் என்றும் ஏற்பாடாகியிருந்தது. அந்த நேரம் இப்போது மாறிவிட்டது.

நாங்கள் ஏறிய முதல் விமானம் இயந்திரக் கோளாறு காரணமாக மூன்று மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகப் புறப்பட்டதால், வழியில் மாறி ஏற வேண்டிய இணைப்பு விமானத்தைத் தவறவிட்டோம். அடுத்த விமானத்தில் இடம் உறுதியாகி, பயணச்சீட்டும் கைக்கு வந்த பிறகே இதை எழுதுகிறேன். இந்த விமானம் தங்கள் ஊர் நேரப்படி வியாழன் நள்ளிரவு கடந்து 12.40 மணிக்கு, அதாவது மார்ச் 13 வெள்ளிக்கிழமை 00.40 மணிக்குத் தரையிறங்கும்.

தேதி மாறிவிடுவதால் எங்களை வராதவர்களாகக் கணக்கிட்டு முன்பதிவை ரத்து செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வியாழன் இரவுக்கான வாடகை எங்களுடையதே. அறை மட்டும் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். முன்பொரு பயணத்தில் இதே காரணத்தால் அறையை இழந்து, வரவேற்பறை நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவன் என்பதால்தான் இதை இவ்வளவு விளக்குகிறேன்.

கீழ்க்கண்ட செய்தியை ஓட்டுநரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டுகிறேன். விமான எண்ணும் மாறியிருக்கிறது; அவர் பழைய எண்ணைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த விமானம் மாலையே வந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் நாங்கள் அதில் இருக்க மாட்டோம். புதிய எண் இத்துடன் இணைத்துள்ள பயணச்சீட்டின் படத்தில் உள்ளது. முன்பு சொன்ன இரண்டாவது முனையத்தில் அல்லாமல், முதலாவது முனையத்தில் இறங்குகிறோம். தாயார் சக்கர நாற்காலியில் வருவதால் மற்ற பயணிகள் இறங்கிய பின்பே நாங்கள் இறங்க முடியும். குடிநுழைவுச் சோதனையும் முடித்து மூன்று பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வர 1.40 ஆகிவிடும். ஆகவே கார் 1.30 மணிக்கு வந்தால் போதும். அறை எண்ணையோ எங்கள் பெயரையோ தேட வேண்டியதில்லை, வருகை வாயிலில் 40718 என்று எழுதிய அட்டையைப் பிடித்திருந்தால் நானே அவரிடம் வந்துவிடுவேன்.

இரவு நேரத்துக்கும் காத்திருப்புக்கும் கூடுதல் கட்டணம் உண்டெனில் அதை அறைக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். அந்த நேரத்தில் காரை அனுப்ப இயலாது என்றால், இன்று மாலை 7 மணிக்குள் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு விமானத்தில் ஏறிவிடுவேன், தரையிறங்கும்வரை என் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கும். தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் வாடகைக் கார் தேடுவது கடினம் என்பதால், வேறு ஏற்பாடு செய்ய எனக்குச் சற்று அவகாசம் தேவைப்படும்.

கடைசி நேரத்தில் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு எண் 40718-இன் விருந்தினர்