எட்டாம் வகுப்பு அறிவியல் செயல்திட்டம்: இயங்கும் நீர் வடிகட்டி

குழுவுக்கு நான்கு பேர். காலம் மூன்று வாரம். மொத்தம் 50 மதிப்பெண்.

செய்ய வேண்டியது

கலங்கிய நீரை மேலே ஊற்றினால் கீழே தெளிந்து இறங்கும் வடிகட்டி ஒன்றைச் செய்ய வேண்டும். மோட்டார், மின்சாரம், கடையில் வாங்கிய வடிகட்டிப் பாகங்கள் எதுவும் கூடாது. நீர் தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும். அடிப்பாகம் வெட்டித் தலைகீழாக நிறுத்திய இரண்டு லிட்டர் பாட்டில் போதும். உள்ளே கூழாங்கல், பருமணல், நுண்மணல், மரக்கரி, பஞ்சு, துணி ஆகியவற்றில் விரும்பியதை விரும்பிய அளவில் போடலாம். எது மேலே, எது கீழே என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே.

தொடங்கும் முன்

மணலைக் கழுவுங்கள். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை, அலுக்காமல், மறுபடியும் கழுவுங்கள். இதைச் சோம்பலில் விட்ட குழுவின் வடிகட்டி, ஊற்றியதைவிடக் கலங்கலான நீரைத் தரும். கரிக்கும் அப்படியே, கழுவாத கரியிலிருந்து கறுப்புத் தண்ணீர்தான் வரும். கரியைத் தடித்த பைக்குள் வைத்துக் கட்டி உடையுங்கள், தூள் மூக்கில் ஏறாது. பாட்டிலைப் பெரியவர் ஒருவர் வெட்டித் தரட்டும்.

இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். மணல் சேற்றுத் துகளைத் தன் இடுக்குகளில் பிடித்துவைக்கிறது. கரி செய்வது வேறு: நீரில் கரைந்த சாயம், வாடை போன்றவற்றைத் தன் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஆகவே கரியை எவ்வளவு நுணுக்குகிறீர்கள், நீர் எவ்வளவு நேரம் அதைத் தொட்டு நிற்கிறது என்பவை முடிவை மாற்றும். நீர் பாட்டிலின் சுவரோரமாக வழிந்து ஓடிவிட்டால் இரண்டுமே நடக்காது. துளையிட்ட மூடி ஒன்றை மணல்மேல் வைத்து அதன்மீது ஊற்றிப் பாருங்கள்.

வடித்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. நாக்கில் வைத்தும் பார்க்கக் கூடாது. கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். விதியை மீறும் குழு சோதனையிலிருந்து நீக்கப்படும்.

சோதனை நாள்: மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை

எல்லாருக்கும் ஒரே வாளி நீர். பத்து லிட்டருக்கு சலித்த தோட்டமண் 200 கிராம், உப்பு 50 கிராம், நீல மை 5 மில்லி லிட்டர். ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டே முகப்போம். முன்பே நனைத்து நீரை வடியவிட்ட வடிகட்டியில் 500 மில்லி லிட்டர் ஊற்றுவீர்கள். முதலில் இறங்கும் 250 மில்லி லிட்டரை அளவிடுவோம். அதே வாளி நீரை ஒரு குவளையில் அசையாமல் வைத்திருப்போம். அது தானாகத் தெளிந்த அளவைவிட உங்கள் நீர் தெளிவாக இல்லையென்றால், வடிகட்டி எதையும் சாதிக்கவில்லை என்றே பொருள்.

மதிப்பெண் தாள்

| பகுதி | எப்படி வழங்கப்படும் | உச்சம் |
|---|---|---|
| வரைபடம் | அடுக்குகளின் பெயர், தடிமன் (செ.மீ.), ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் | 6 |
| கட்டுமானம் | சாயாமல் நிற்பது 3, கசிவில்லை 3, அடுக்குகள் கலக்கவில்லை 2 | 8 |
| தெளிவு | அச்சிட்ட தாள்மேல் வைத்த குவளையில் 10 செ.மீ. நீர் வழியே எழுத்து தெரிந்தால் 8, 6 செ.மீ. வழியே தெரிந்தால் 5. அசையாமல் வைத்த நீரைவிட மேல் என்றால் 2 | 8 |
| நிறம் | நீலம் தெரியவில்லை 4; வெளிறியிருக்கிறது 2 | 4 |
| வேகம் | 250 மி.லி. 10 நிமிடத்துக்குள் 4. 20 நிமிடத்துக்குள் 2 | 4 |
| பதிவேடு | குறைந்தது மூன்று முயற்சிகள். ஒவ்வொன்றிலும் மாற்றியது ஒன்றே ஒன்று. அளவுகளும் முடிவும் தேதியுடன் | 14 |
| வாய்மொழி | நால்வரிடமும் கேள்வி. குழுவின் சராசரி | 6 |

பதிவேட்டுக்கு ஏன் இத்தனை என்று கேட்பீர்கள். ஒரே நாளில் மணலையும் கரியையும் பஞ்சையும் மாற்றி நீர் தெளிந்தால், எதனால் தெளிந்தது என்று உங்களுக்கே தெரியாது. நன்றாக எழுதிய தோல்விக்கு முழு 14 உண்டு. அழகான கையெழுத்தில் கடைசி இரவு எழுதியது பார்த்தாலே தெரியும். அதற்கு 4-க்கு மேல் கிடையாது.

வாய்மொழிக் கேள்வி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். வடித்த நீரில் ஒரு தேக்கரண்டியைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைப்போம். தட்டில் வெள்ளையாக ஏதோ எஞ்சும். அது என்ன, உங்கள் வடிகட்டி ஏன் அதைத் தடுக்கவில்லை?

வேகமும் தெளிவும் ஒன்றையொன்று இழுக்கும். மணலைத் தடிமனாக்கினால் தெளியும், ஆனால் சொட்டும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. அதைப் பதிவேட்டில் சொல்லுங்கள். இரு குழுக்கள் சமமாக வந்தால், பதிவேட்டில் அதிகம் பெற்ற குழு முன்னே நிற்கும்.