பிரஸ் பிரிவு: பாதுகாப்புக் கார்டு இல்லாமல் எந்தப் பிரஸும் ஓடாது

பெறுநர்: மூன்று ஷிப்டிலும் உள்ள ஆபரேட்டர்கள், டை செட்டர்கள், ஹெல்பர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள்
இடம்: மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலை சுற்றி வந்தபோது 3, 5 எண் பிரஸ்களின் முன்பக்கக் கார்டு கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. கழற்றியவர் யார் என்று விசாரிக்கப் போவதில்லை. ஏன் கழற்ற வேண்டி வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். புதிய டையில் துண்டுகள் அடிக்கடி சிக்குகின்றன, ஒவ்வொரு முறையும் கார்டைத் திறந்து மூடுவதில் நேரம் போகிறது என்று சிலர் சொன்னார்கள். நியாயமான குறை. அந்த டை டூல் ரூமுக்குப் போகிறது. சரியாகி வரும்வரை அதில் உற்பத்தி கிடையாது.

ஆனால் இன்று முதல், கார்டு இல்லாமல் ஒரு பிரஸும் ஓடக்கூடாது. அவசர ஆர்டருக்கும் சோதனை ஓட்டத்துக்கும் இதில் விலக்கு இல்லை. கார்டு பொருந்தவில்லை, இரு கை பொத்தானில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். நின்ற நேரத்தை மேற்பார்வையாளர் உத்தரவு என்று பதிவேட்டில் எழுதுங்கள். அதற்கான பதிலை மேலே நான் சொல்லிக்கொள்கிறேன்.

சிக்கிய துண்டை எடுக்கும்போதுதான் கை போகிறது. சுவிட்சை அணைத்ததும் மோட்டார் சத்தம் அடங்கிவிடும், பிளைவீல் அடங்காது. அது சுழலும்வரை ராமைக் கீழே இறக்கும் வலு அதில் இருக்கிறது. தெரியாமல் பெடலில் கால் பட்டால் போதும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள், சாவியை உங்கள் பையிலேயே வையுங்கள், பிளைவீல் முழுதாக நிற்கட்டும், பிறகு ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக்கை நிறுத்துங்கள். அதன் பிறகும் துண்டை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். மழைக்காலம் ஆதலால் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. மின்வெட்டு நேரத்தில் டையைத் துடைப்பதாக இருந்தாலும் இதே வரிசைதான். எந்த நொடியில் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தகடு தூக்கக் கையுறை கட்டாயம். டிரில்லிங் இயந்திரத்திலும் லேத்திலும் கையுறை கூடவே கூடாது, சுழலும் பாகம் அதைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும். தோளில் தொங்கும் துண்டுக்கும் துப்பட்டாவுக்கும் இதுவே பொருந்தும். கிரைண்டிங்கில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டாம்.

தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தோழர்களுக்கு, இந்தி தெரிந்தவர்கள் இயந்திரத்தின் அருகிலேயே நின்று செய்து காட்டிச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் அவசரத்தில் தவறினால் அதட்ட வேண்டாம். பிரஸை நிறுத்திவிட்டுச் சரியான முறையைச் செய்து காட்டுங்கள்.

பூட்டும் சாவியும் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் டை செட்டருக்கும் நாளை காலை ஷிப்ட் தொடங்கும் முன் ஸ்டோரில் தரப்படும். கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டுக்கு நானே கொண்டு வருகிறேன்.

மேற்பார்வையாளர், பிரஸ் பிரிவு