இருமலும் விடுப்பும் தண்ணீர் பாட்டிலும்: காலை வணக்கக் கூட்ட உரை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும் காலை வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இருமல் சத்தம் கேட்காத வகுப்பறை நம் பள்ளியில் இல்லை. கடந்த திங்கட்கிழமை எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 9 பேர் காய்ச்சலால் வரவில்லை. அவர்களில் 7 பேர் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரே அணியில் கபடி ஆடியவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே பாட்டில் வாய்க்கு வாய் மாறிக் காலியானதை வேப்பமரத்தடியில் நின்று நானும் பார்த்தேன். அப்போதே தடுக்காமல் விட்டது என் தவறு. பாட்டில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், கபடியில் ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படத்தான் செய்யும். ஆயினும் இன்ஃப்ளூயன்சா கிருமி, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுவதால், நன்றாக ஓடியாடும் நண்பனின் பாட்டில்கூடப் பாதுகாப்பானது அன்று. பொன்னுக்கு வீங்கியும் எச்சில் வழியாகப் பரவும் நோய்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொன்னது இதனால்தான் பொருளுள்ளதாகிறது. அண்ணாந்து குடித்தால் புரையேறுகிறது என்பவர்கள் தமக்கென ஒரு பாட்டிலைப் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள்.

இருமல் வரும்போது பலரும் உள்ளங்கையால் வாயைப் பொத்துகிறீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அதே கை அடுத்த நொடி பெஞ்சையும், பக்கத்திலிருப்பவரின் பேனாவையும், குழாயின் திருகையும் தொடுகிறது. ஆகவே கைக்குட்டையால் மூடுங்கள். அது இல்லையெனில் முழங்கையை மடக்கி, அதன் உட்புறத்தில் முகத்தைப் புதைத்து இருமுங்கள். கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 20 நொடிகள் தேய்த்துக் கழுவுங்கள்.

விடுப்பைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. காலையில் பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உடம்பு சூடு தணிந்தவுடன் பள்ளிக்கு வந்து, மூன்றாம் பாடவேளையில் மேசைமேல் தலை கவிழ்த்துப் படுத்துவிடும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். மாத்திரை சூட்டைத்தான் குறைக்கிறது, கிருமி உடலில் அப்படியே இருக்கிறது. மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகுதான் வகுப்புக்கு வர வேண்டும். முழு வருகைக்கான பரிசு போய்விடுமே என்று உங்களில் சிலர் வருந்துவது எங்களுக்குத் தெரியும். பெற்றோரின் விடுப்புக் கடிதத்துடன் எடுக்கப்படும் காய்ச்சல் விடுப்பு அப்பரிசுக்குக் குறையாகக் கருதப்படாது என்று தலைமையாசிரியர் அவர்கள் நேற்று ஒப்புதல் அளித்திருக்கிறார். விடுபட்ட பாடக் குறிப்புகளை வகுப்புத் தலைவர் எழுதி வைத்திருப்பார்.

இப்போது வரிசையில் நிற்கும் எவருக்கேனும் உடம்பு சுட்டால், கூட்டம் கலைந்ததும் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்கிறோம்.

நன்றி, வணக்கம்.