போன செவ்வாய்க்கிழமை நேர்முகத்தேர்வு: நன்றி, கொஞ்சம் பிந்தி

வணக்கம் சேர்,

போன செவ்வாய்க்கிழமை கிணற்றுநீர்ப் பரிசோதனைக் களவேலைக்கு நேர்முகத்தேர்வுக்கு வந்த உரும்பிராய்ப் பிள்ளை நான். கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக, மிஸ் படியிறங்கி வந்து கையில் தந்தாரே, அந்தப் பிள்ளை. உங்கள் இருவருக்கும் நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செவ்வாய் இரவே தொடங்கிய மடல் இது, வடிவாக எழுதவேண்டும் என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்ததில் நாள் போய்விட்டது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் எதிர்பார்த்து வந்தது வழக்கமான இன்டர்வியூ. சான்றிதழைப் பார்ப்பார்கள், எந்த வருடம் சோதனை எடுத்தீர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், பிறகு அறிவிப்போம் என்று அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் வலிகாமம் வரைபடத்தை விரித்து, நிறம் போட்ட புள்ளிகளைக் காட்டி, "இந்த இடத்தில் ஏன் இவ்வளவு சிவப்பு, சொல்லும் பார்ப்போம்" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியோ பிழையோ, வேலையை முன்னுக்கு வைத்துப் பேசியது எனக்கு மிகவும் பிடித்தது. தேத்தண்ணிக்கும் நன்றி, அந்த வெயிலுக்கு அது தேவையாக இருந்தது.

நன்றியோடு இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. "கிணத்துத் தண்ணி கூடாது எண்டு ரிசல்ட் வந்தா வீட்டுக்காரருக்கு எப்பிடிச் சொல்லுவீர்?" என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லுவேன் என்றேன், நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் பதிலை நான் இப்போதும் மாற்றவில்லை, ஆனால் அது முழுப் பதில் இல்லை. மிச்சத்தை இதில் எழுதிவிடுகிறேன், நேரம் இருக்கும்போது பாருங்கோ.

முதலில், படலையில் நின்று சொல்லமாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பார்கள், எங்கள் ஊரில் கிணறு என்பது வெறும் தண்ணீர் இல்லை. காணி விலை பேசும்போது முதல் கேட்பது நல்ல தண்ணியா சவர்த் தண்ணியா என்றுதான், மகளுக்குச் சீதனமாக எழுதிவைத்த வளவு என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு கிணற்றைக் கூடாது என்று சொன்னால் அந்த வீட்டுக்காரருக்கு அது காணியைக் கூடாது என்று சொன்னது போலத்தான் கேட்கும். அதனால் உள்ளே போய், இருந்து, வீட்டுக்காரருக்கும் சமைக்கிறவருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும். சமைக்கிறவரை விட்டுவிட்டு ஆம்பிளைக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த நாளும் அதே தண்ணீரில்தான் பால்மா கரைப்பார்கள்.

அடுத்தது, "நஞ்சு" என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டேன். எதற்குப் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்கக்கூடாது என்று பிரித்துச் சொல்லவேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போயிருந்தால் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தோட்டத்துக்கு இறைக்கலாம், அதில் ஒரு பயமும் இல்லை. பிரச்சினை குடிப்பதில், அதிலும் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதில். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும், உதடும் நகமும் நீலமாகும். ஆகவே அறிக்கையை நீட்டமுதல் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் குழந்தையோ பிள்ளைத்தாச்சியோ இருக்கிறார்களா என்பதுதான். இருந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும், மாத முடிவில் எல்லா அறிக்கையையும் ஒன்றாகக் கொடுப்போம் என்று வைத்திருக்கக்கூடாது. வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்தப் பகுதி மருத்துவமாதுவுக்கும் ஒரு கோல்.

அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும் என்று எனக்குத் தெரியும்: "நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்." எங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. கிருமிக்கு அது நல்ல மருந்து, நைத்திரேற்றுக்கு இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று பானைக்குள்ளேயே நிற்கும், மிஞ்சின தண்ணீரில் அது இன்னும் கூடித்தான் இருக்கும். இதைச் சண்டை பிடிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் கொதிக்க வைக்கும் பழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டால் அது வேறு வருத்தத்தைக் கொண்டுவந்துவிடும். "கொதிக்க வையுங்கோ, ஆனால் இந்தக் கிணத்துத் தண்ணியை இல்லை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும்.

பிறகு வயதானவர்கள் சொல்லுவது: "அப்பு காலத்திலயிருந்து குடிச்ச தண்ணி, எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே." இதை மறுத்துப் பேசமாட்டேன், ஏனென்றால் அவர்கள் சொல்லுவது உண்மை. அப்போது துலா மிதித்து இறைத்தார்கள், எவ்வளவு பலம் இருந்ததோ அவ்வளவு தண்ணீர்தான் வெளியே வந்தது. தோட்டத்துக்கு எருவும் குழையும் போட்டார்கள். இப்போது மோட்டர், யூரியா, கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருக்கும், அதுக்குள் எது எந்த வழியால் எவ்வளவு கெதியாகப் போகும் என்று மேலே நின்று அடி அளந்து சொல்லமுடியாது. எங்கள் கிணறும் இப்படித்தான், மூன்று பக்கமும் வெங்காயத் தோட்டம், அதில் ஒன்று அப்பாவின்ர. அப்பாவிடம் உரத்தைக் குறையுங்கோ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதனால் தோட்டக்காரருடன் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சவர் ஏறுவதை விளங்கப்படுத்த எனக்கு நிலாவரைக் கிணறு போதும். நீங்கள் போகும்போது அதைப் பற்றி ஒரு வசனம் சொன்னீர்கள், அதைத்தான் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போய் எட்டிப் பார்க்காத பிள்ளை வலிகாமத்தில் இல்லை, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் தோட்டக் கிணற்றுக்குக் கீழேயும் அப்படித்தான், மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, மோட்டரால் மேலே உள்ளதை வேகமாக உறிஞ்ச உறிஞ்சக் கீழே உள்ளது ஏறி வரும் என்று சொன்னால் படம் கீறத் தேவையில்லை.

ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்துக் கிணற்றுக்குத் தீர்ப்பு எழுதவும் மாட்டேன். ஆவணி, புரட்டாதியில் வற்றிப்போய் நிற்கும் தண்ணீர் வேறு, மாரி மழை ஊறின பிறகு தை மாதத்தில் நிற்கும் தண்ணீர் வேறு. "இது இண்டைக்கு இருக்கிற தண்ணி, தையில திரும்ப வருவம்" என்று சொல்லி, சொன்னபடி போகவேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்த பிரச்சினை 2019இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தீர்ப்பு வந்தது, அதற்கிடையில் ஒருவர் குடிக்கலாம் என்றும் இன்னொருவர் குடிக்கக்கூடாது என்றும் சொல்லிச் சொல்லிச் சனத்துக்குப் பரிசோதனை என்ற சொல்லிலேயே நம்பிக்கை போய்விட்டது. அந்தப் பக்கம் போகிறவர் வாயால் சொல்லிவிட்டு வந்தால் காணாது. திகதி, எடுத்த இடம், எண், எல்லை எவ்வளவு, யார் எடுத்தது, எல்லாம் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு துண்டு அவர்கள் கையில் இருக்கவேண்டும். நீங்கள் காட்டிய அறிக்கைப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நான் தெரிவானாலும் இல்லாவிட்டாலும் அதை மாற்றினால் நல்லது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாளைக்குக் காலமை தேத்தண்ணி எந்தத் தண்ணீரில் என்பதற்கு ஒரு பதில் இல்லாமல் எழும்பி வரக்கூடாது. பக்கத்தில் பரிசோதித்த நல்ல கிணறு எது, பிரதேச சபைப் பவுசர் எந்த நாளில் எந்தச் சந்திக்கு வருகிறது, இதை முதலே விசாரித்துக்கொண்டுதான் போவேன்.

மிஸ் கேட்டதற்கும் ஒரு சின்னச் சேர்ப்பு. கரண்ட் இல்லாமல் மோட்டர் போட முடியாவிட்டால் என்ன செய்வீர் என்று கேட்டார், வாளியால் அள்ளுவேன் என்றேன். நைத்திரேற்றுக்கு அது பரவாயில்லை, போத்தலை அதே தண்ணீரால் அலசி நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிடலாம். கிருமிப் பரிசோதனைக்கு வாளி சரிவராது, கயிற்றில் உள்ள ஊத்தை எல்லாம் சேர்ந்து வரும், கிருமி நீக்கிய போத்தலையே பாரம் கட்டி இறக்கவேண்டும், எப்படி எடுத்தது என்பதையும் படிவத்தில் எழுதவேண்டும். அன்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

போக்குவரத்துப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்கூட்டி இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. புத்தூர், அச்சுவேலிப் பக்கம் தினமும் போய்வர வீட்டில் தடையில்லை, அம்மாவிடம் திரும்பவும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தீவுப்பகுதிக்கு என்றால் முதல் நாளே சொன்னால் போதும்.

இதற்கு நீண்ட பதில் எழுதவேண்டாம் சேர், ஒரு வட்ஸ்அப் செய்தி போதும். பின்னேரம் ரியூஷன் வகுப்பில் நிற்பதால் கோல் எடுப்பதென்றால் காலமை நல்லது. வேறொருவரை எடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கோ, அடுத்த தவணை வகுப்புகளுக்கு நான் இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும்.

மிஸ்ஸுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கோ.

அன்புடன்,
துஷாந்தி
உரும்பிராய்